படத்தில் நிற்கும் பண்டார வன்னியன்



வன்னிப் பெருநிலப்பரப்பின் பாடசாலை ஒன்றிலே, மாலை வேளையில், நடுவராக நியமிக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர் மேசை முன் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவர் முன்னே இரண்டு நிழற்படங்கள் இருக்கின்றன. இரண்டும் கீழ்ப்பிரிவு மாணவரின் வினோத உடைப் போட்டிக்காக வந்தவை. இரண்டின் அடியிலும் ஒரே பெயர்தான் எழுதப்பட்டிருக்கிறது: பண்டார வன்னியன். முதற் படத்தில் வாடகைக்கு எடுத்த வெல்வெற் அங்கியும் பொன்னிற முடியும் மின்னுகின்றன. இரண்டாவது படத்தில் பழைய வேட்டி ஒன்றும் அட்டையினாற் செய்த சில பொருள்களும் காணப்படுகின்றன. எந்தப் படத்துக்கு அதிக புள்ளி வழங்குவது? கண் முதற் படத்தை நோக்கியே ஓடுகின்றது. அந்த ஓட்டம் நியாயமானதுதானா என்பதே இங்கு ஆராய வேண்டிய வினா.

இல்ல மெய்வல்லுநர் போட்டிகளின்போது வினோத உடை நிகழ்ச்சி மைதானத்திலே நடைபெறுவதை யாவரும் அறிவர். பிள்ளைகள் நடுவர் மேடைக்கு முன்னாலே நடந்து வருவார்கள். நடுவர் முன்னும் பின்னும் பார்ப்பார். பிள்ளை ஒரு வசனம் பேசினாலும் பேசும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், வீட்டிலே வேடமிட்டுக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து அனுப்பும் வழக்கம் பரவியது. நடையும் பேச்சும் படத்தில் இல்லை. ஆகவே நடுவருக்கு எஞ்சுபவை மூன்றே. வேடம் இன்னாருடையது என்று தெளிவாகத் தெரிகின்றதா? உடையும் அணியும் பிள்ளையின் உடலுக்கு அளவாக அமைந்துள்ளனவா? வேலை துப்புரவாகச் செய்யப்பட்டுள்ளதா? தெளிவு, அளவு, துப்புரவு என்னும் இம்மூன்றையும் எந்த ஒழுங்கிலே பார்ப்பது என்பதிலேதான் நீதியின் பெரும்பகுதி தங்கியிருக்கிறது.

முதலிற் பார்க்க வேண்டியது தெளிவு. அதற்குக் காரணம் உண்டு. பெயரை ஒருமுறை வாசித்துவிட்ட கண், அதன் பின் அந்தப் பெயரையே படத்திற் காணும். அடியிலே பண்டார வன்னியன் என்று எழுதியிருந்தால், வாளேந்திய எந்தப் பிள்ளையும் பண்டார வன்னியனாகவே தோன்றும். ஆகையால் நல்ல நடுவர் பெயரை ஒரு தாளினால் மூடிக்கொண்டே படத்தைப் பார்ப்பார். பார்த்தவுடன், தாம் கண்டவற்றை மட்டும் ஒரு வரியில் எழுதிக்கொள்வார். அதற்குப் பின்னரே தாளை நீக்குவார். அவர் பெயரை ஏற்கெனவே அறிந்துவிட்டாராயின், அறியாத வேறோர் ஆசிரியரை அழைத்து, இந்தப் பிள்ளை யார் என்று கேட்பதே முறை. முதற் பார்வை ஒரேயொரு முறைதான் கிடைக்கும். அதைத் துப்புரவு பார்ப்பதிலே செலவழித்துவிட்டால் திரும்பப் பெற முடியாது.

சில வேடங்கள் இந்தச் சோதனையில் எளிதிலே தேறிவிடும். தலைப்பாகையும் முறுக்கிய மீசையும் கறுப்புக் கோட்டுமாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் பாரதியார் என்று சொல்லப் பாலர் வகுப்புப் பிள்ளையும் தயங்காது. காவி அங்கியும் தலைப்பாகையும் அணிந்து, மீசையின்றி, கைகளை மார்பிலே கட்டி நின்றால் அவர் விவேகானந்தர். இருவருக்கும் தலைப்பாகை உண்டு. எனினும் ஒருவரை மற்றவராக எவரும் மயங்குவதில்லை. அவர்கள் உயிரோடிருந்த காலத்திலே எடுக்கப்பட்ட நிழற்படங்கள் இருக்கின்றன. அவற்றை நாம் பிள்ளைப் பருவம் முதற் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஔவையாருக்கு அத்தகைய படம் கிடையாது. ஆயினும் நரைத்த தலையும் திருநீறும் வெண்ணிறச் சேலையும் ஊன்றுகோலும் ஒன்றாகச் சேர்ந்தால் ஔவையார் என்று ஏற்றுக்கொள்ளும் வழக்கம் தமிழரிடையே ஊன்றிவிட்டது.

பண்டார வன்னியனின் நிலை வேறு. அவர் 1803ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்திலே முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றி, ஆங்கிலேயரின் பீரங்கிகளையும் எடுத்துச் சென்றவர். அதே ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள், கப்டன் வொன் டிரிபேர்க் என்பவரின் படையிடம் கற்சிலைமடுவிலே தோல்வியுற்றார். அத்தோல்வியைக் குறிக்கும் கல்லொன்றை ஆங்கிலேயர் அவ்விடத்தில் நாட்டினர். அவருடைய பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. போர் நடந்த இடங்களும் ஆண்டும் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவரை நேரிற் கண்டு வரைந்த உருவப்படம் எதுவும் கிடைக்கவில்லை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் நிற்கும் சிலைகள் பிற்காலத்துச் சிற்பிகளின் மனத்திலே தோன்றிய உருவங்கள். முல்லைமணி எழுதிய பண்டார வன்னியன் நாடகத்தை மேடையேற்றியவர்களும், வேடத்தைத் தாமாகவே அமைத்துக்கொள்ள வேண்டியவர்களாகவே இருந்தனர்.

இத்தகைய ஒருவருக்கு வேடமிடும் பெற்றோர் என்ன செய்வர்? வீரன், அரசன், வெள்ளையரை எதிர்த்தவன் என்று எண்ணிய உடனே அவர்கள் நெஞ்சில் வேறொருவரின் உருவம் வந்து நிற்கும். 1959ஆம் ஆண்டு வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் என்னும் திரைப்படத்திலே சிவாஜி கணேசன் அணிந்த உடையும் அவருடைய மீசையும் நிற்கும் தோரணையும், தமிழ் பேசும் மக்களின் கண்ணிலே எதிர்ப்பு வீரனின் வடிவமாகவே பதிந்துவிட்டன. கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டது 1799ஆம் ஆண்டு. பண்டார வன்னியன் முல்லைத்தீவிலே போரிட்டது நான்கு ஆண்டுகளின் பின். காலத்தால் நெருங்கிய இருவரையும் திரைப்படத்தின் உடை ஒருவராகவே ஆக்கிவிடுகிறது. வாடகைக்குக் கிடைக்கும் அரச உடையும் பெரும்பாலும் இந்த வடிவத்தையே பின்பற்றித் தைக்கப்படுவது.

இப்பொழுது முதற் படத்துக்கு வருவோம். பெயர் மூடப்பட்டிருக்கிறது. நடுவர் எழுதுகிறார்: முடி, மீசை, வெல்வெற் அங்கி, இடைக்கச்சை, நீண்ட வாள், ஓர் அரசன். எந்த அரசன்? அதற்கு விடையளிக்கும் பொருள் எதுவும் படத்தில் இல்லை. அறியாத ஆசிரியரை அழைத்துக் கேட்கிறார். கட்டபொம்மன் என்கிறார் அவர். சற்றே தயங்கி, சங்கிலியனாகவும் இருக்கலாம், எல்லாளனாகவும் இருக்கலாம் என்கிறார். மூன்று பெயர் சொன்ன போதும் பண்டார வன்னியன் என்ற பெயர் வரவில்லை.

இங்கு நடுவருக்கு உதவும் சோதனை ஒன்று உண்டு. அதனைக் கழித்துப் பார்த்தல் என்று சொல்லலாம். படத்திலுள்ள பொருள்களை மனத்தினால் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது. பாரதியாரின் மீசையையும் தலைப்பாகையையும் நீக்கினால் பாரதியார் மறைந்துவிடுவார். ஆகவே அவை அந்த வேடத்தின் உயிர்நிலை. கோட்டை மட்டும் நீக்கினால் பாரதியார் ஓரளவு எஞ்சியிருப்பார். இந்த அரசப் பிள்ளையின் இடைக்கச்சையை நீக்கினாலும் அரசன்தான். வாளை நீக்கினாலும் அரசன்தான். முடியை நீக்கினால் செல்வந்தன். எதை நீக்கினாலும் பண்டார வன்னியன் மறைவதில்லை. ஏனெனில் அவர் அங்கே தொடக்கத்திலிருந்தே இல்லை. பொருள்கள் பல இருந்தும் அடையாளம் ஒன்றும் இல்லாத வேடம் இது.

இரண்டாவது படத்தின் பெயரும் மூடப்பட்டிருக்கிறது. நடுவர் எழுதுகிறார்: தார்பாய்ச்சிக் கட்டிய வேட்டி, தலையிலே சுற்றிய துணி, மீசை, இடையிலே அட்டை வாள், கையிலே ஒரு கயிறு, கயிற்றின் மறு முனையிலே கரிய நிறம் பூசிய அட்டைக் குழாய். குழாய்க்கு இரண்டு வட்ட மூடிகள் சில்லுகளாக அமைந்திருக்கின்றன. பீரங்கியைக் கட்டி இழுத்துச் செல்லும் உள்ளூர் வீரன் ஒருவன். அறியாத ஆசிரியர் இதனைக் கண்டதும், முல்லைத்தீவுக் கோட்டையின் பீரங்கியா என்று கேட்கிறார். வேடம் தெரிந்துவிட்டது. முகத்தினால் அறிய முடியாத ஒருவரை அவர் செய்த செயலினால் அறியச் செய்திருக்கிறார் அந்தப் பிள்ளையின் தாயோ தந்தையோ. உருவப்படம் இல்லாத வரலாற்று மாந்தருக்கு வேடமிடுவோர் கைக்கொள்ளக்கூடிய வழி இதுவே. ஒருவர் எப்படி இருந்தார் என்பது தெரியாவிடின், அவர் எதைச் செய்தார் என்பதைக் காட்டலாம்.

இதிலே நடுவர் இரண்டு எல்லைகளை நினைவிற் கொள்ள வேண்டும். முதலாவது, இந்த அடையாளம் வன்னியிலே எளிதாகப் புரியும். கொழும்பிலோ மலையகத்திலோ அவ்வளவு எளிதாகப் புரியாது. ஒரு வேடம் தெளிவானதா என்பதை, அது எந்த மக்கள் முன்னே காட்டப்படுகிறதோ அவர்களின் அறிவைக் கொண்டே அளக்க வேண்டும். வன்னிப் பாடசாலையின் போட்டிக்கு வன்னி மக்களின் கண்ணே அளவுகோல். இரண்டாவது, பீரங்கி உடுப்பா என்னும் வினா. உடலில் அணிந்தவற்றுக்கு மட்டுமே புள்ளி என்று போட்டி விதி கூறுமாயின், கயிற்றில் கட்டிய பீரங்கியைக் கணக்கிலே சேர்க்கலாகாது. கையிலே தாங்கும் பொருள்களும் சேரும் என்று விதி கூறினால் சேர்க்கலாம். விதி எதுவும் கூறாவிடின், நடுவர் படங்களைப் பார்க்கத் தொடங்கும் முன்னரே தம் முடிவை எழுதிவைத்துவிட வேண்டும். படத்தைக் கண்ட பின் எழுதும் விதி, ஏதோ ஒரு பிள்ளைக்குச் சாய்ந்துதான் நிற்கும்.

அடுத்தது அளவு. இதிலே பெற்றோர் பெரும்பாலும் ஏமாறும் இடம் தலை. வளர்ந்த ஒருவரின் உயரத்தை அவருடைய தலையின் நீளத்தினால், அதாவது உச்சி முதல் நாடி வரையுள்ள நீளத்தினால் அளந்தால், ஏறத்தாழ ஏழு அல்லது ஏழரைத் தலை வரும். ஆறு வயதுப் பிள்ளையை அவ்வாறே அளந்தால் ஐந்தரைத் தலையளவே வரும். பிள்ளை என்பது சுருக்கி வைத்த பெரியவர் அன்று. அதன் தலை விரைவில் வளர்ந்துவிடுகிறது. உடலோ பின்னால் ஆறுதலாக வளர்கின்றது. ஆறு வயதிலே தலையின் சுற்றளவு பெரியவரின் சுற்றளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். உயரமோ மூன்றில் இரண்டு பங்கைச் சற்றே தாண்டியிருக்கும்.

இதன் விளைவு என்ன? பெரியவருக்குச் செய்த முடி பிள்ளையின் தலையிலே கிட்டத்தட்டப் பொருந்திவிடும். உள்ளே சிறிது துணி சுற்றினால் நன்றாகவே நிற்கும். பொருந்துகிறதே என்று தாயும் மகிழ்வாள். ஆனால் தலைக்குப் பொருந்திய முடி உடலுக்குப் பொருந்தவில்லை. 112 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்குத் தலை ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். அதன் மேல் இன்னுமொரு 20 சென்ரிமீற்றர் முடி ஏறினால், உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு முடியாகவே அமைந்துவிடும். பார்ப்போருக்கு முடிதான் தெரியும், பிள்ளை தெரியாது. அரைத் தலை உயரத்துக்கு மேற்படாத தலையணி, இந்த வயதுப் பிள்ளைக்கு அழகாக அமையும். வாளும் அவ்வாறே. பெரியவரின் இடையிலே தொங்கும் 75 சென்ரிமீற்றர் வாளை இப்பிள்ளையின் இடையிலே கட்டினால், அதன் நுனி நிலத்திலே உரசும். 50 சென்ரிமீற்றர் வாள் போதுமானது.

இவற்றைப் படத்திலே எவ்வாறு அளப்பது? அளவுகோல் தேவையில்லை. ஒரு தாளின் விளிம்பைப் படத்தின் மேல் வைத்து, பிள்ளையின் நாடியிலும் உச்சியிலும் இரண்டு கோடுகள் இட வேண்டும். உச்சி முடிக்குள் மறைந்திருந்தால், கண்களின் மட்டம் தலையின் நடுவிலே வரும் என்பதைக் கொண்டு அதனை மதிப்பிட்டுக்கொள்ளலாம். பின்னர் அந்தத் தாளைக் கீழ் நோக்கி நகர்த்தி, பாதம் வரை எத்தனை தலை என்று எண்ண வேண்டும். அதே தாளால் முடியையும் வாளையும் அங்கியின் நீளத்தையும் அளக்கலாம். தொலைபேசித் திரையிலே பார்ப்போரும் இதனைச் செய்யலாம். படத்தைப் பெரிதாக்காமலும் சிறிதாக்காமலும் ஒரே நிலையில் வைத்திருந்தாற் போதும்.

முதற் படத்தில் நடுவர் எண்ணிப் பார்க்கிறார். பிள்ளை ஐந்தரைத் தலை உயரம். முடி ஒரு முழுத் தலை. அங்கி முழங்காலைத் தாண்டிக் கணுக்காலை நெருங்குகிறது. தோளின் தையல் மேற்கையின் நடுப்பகுதிக்கு இறங்கியிருக்கிறது. வாளின் நுனி நிலத்தைத் தொடுகிறது. உடை வேறொருவருடையது என்பது ஐயமின்றித் தெரிகிறது.

இரண்டாவது படத்தில் எண்ணும்போது ஒரு வியப்பு. ஏழு வயதுப் பிள்ளை நாலரைத் தலை உயரமே இருக்கிறது. தலைத்துணி பெரிதாகத் தெரிகிறது. பாதங்கள் சிறுத்துக் கிடக்கின்றன. பீரங்கி பிள்ளையையே விழுங்குவது போல் நிற்கிறது. அவசரப்படும் நடுவர் இங்கே அளவுப் புள்ளியைக் குறைத்துவிடுவார். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு நாலரைத் தலை உயரம் இயற்கையிலே அமைவதில்லை. பிள்ளையின் உடலே இங்கு நம்பத்தகுந்த அளவுகோல். அந்த அளவுகோல் கோணலாகத் தெரிந்தால், கோணல் உடையிலே இல்லை. படமெடுத்த விதத்திலே இருக்கிறது.

நடுவர் பின்னணியைப் பார்க்கிறார். பிள்ளைக்குப் பின்னே கதவு ஒன்று தெரிகிறது. கதவு நிலையின் இரு பக்கங்களும் கீழே வரவர ஒன்றையொன்று நெருங்குகின்றன. நிலமோ படத்தின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கிறது. படமெடுத்தவர் தம் கண் உயரத்திலே தொலைபேசியை வைத்து, அருகில் நின்று, கீழ் நோக்கிச் சாய்த்துப் பிடித்திருக்கிறார் என்பது இதனால் விளங்கும். அவ்வாறு எடுத்தால் கருவிக்கு அண்மையிலுள்ள தலை பெருத்தும், தொலைவிலுள்ள பாதம் சிறுத்தும் விழும்.

பீரங்கிக்கும் இதே காரணந்தான். பிள்ளை கருவியிலிருந்து 1.2 மீற்றர் தொலைவில் நிற்க, பீரங்கி 40 சென்ரிமீற்றர் முன்னே இருந்தால், அது கருவிக்கு 80 சென்ரிமீற்றர் தொலைவிலேயே இருக்கும். ஆகவே பிள்ளையோடு ஒப்பிடும்போது அது உண்மை அளவினும் ஒன்றரை மடங்கு பெரிதாய்ப் படத்திலே தோன்றும். அதே பிள்ளையை 3 மீற்றர் தொலைவில் நிறுத்தி எடுத்திருந்தால், அந்தப் பெருக்கம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எனவே நடுவர் பீரங்கியின் தோற்றத்தில் மூன்றில் ஒரு பங்கை மனத்தினாற் குறைத்துப் பார்க்கிறார். அப்பொழுது அது பிள்ளையின் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடுகிறது. அளவு சரியானதுதான். தலைத்துணியையும் அவ்வாறே திருத்திப் பார்த்தால் அரைத் தலைக்குச் சற்றே குறைவு.

படமெடுத்தவரின் பிழைக்குப் பிள்ளையைத் தண்டிப்பது தகாது என்பதோடு, இதற்கு ஒரு தடுப்பும் உண்டு. போட்டி அறிவித்தலிலேயே மூன்று வரிகள் சேர்த்துவிடலாம். கருவியைப் பிள்ளையின் மார்பு உயரத்தில் பிடிக்க வேண்டும். மூன்று மீற்றர் தள்ளி நின்று எடுக்க வேண்டும். முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரண்டு படங்கள் அனுப்ப வேண்டும். இவை எல்லாருக்கும் பொதுவாகிவிட்டால், நல்ல தொலைபேசி வைத்திருப்பவருக்கும் அயலாரிடம் இரவல் வாங்கியவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் நீங்கிவிடும்.

இறுதியாகத் துப்புரவு. இதனைக் கடைசியிலே வைப்பதற்குக் காரணம், கண்ணை மிக எளிதாக மயக்குவது இதுவே. புதிய துணி துப்புரவானது போலத் தோன்றும். பழைய துணி துப்புரவில்லாதது போலத் தோன்றும். ஆனால் துப்புரவு என்பது துணியின் வயதைப் பற்றியதன்று. செய்த வேலையைப் பற்றியது. கொய்சகம் ஒரே அகலத்தில் மடிந்திருக்கிறதா? விளிம்பு நிலத்துக்கு ஒரே உயரத்தில் நிற்கிறதா? மீசையின் இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா? ஊசியோ ஒட்டுப்பட்டியோ வெளியே தெரிகிறதா? வேடத்துக்கு உரியதல்லாத ஏதாவது, கைக்கடிகாரமோ உள்ளே அணிந்த பாடசாலைச் சட்டையின் கழுத்தோ, எட்டிப் பார்க்கிறதா? இவையே நடுவர் தேட வேண்டியவை.

வேடத்துக்கு உரிய அழுக்கும் உண்டு என்பதை மறக்கலாகாது. வயலிலிருந்து வரும் கமக்காரனாக வேடமிட்ட பிள்ளையின் காலிலே முழங்கால் வரை சேறு இருந்தால் அது குறையன்று. அதுவே வேடத்தின் தெளிவு. ஆனால் அந்தச் சேறு தலைத்துணியின் மேலேயும் தெறித்திருந்தால், அல்லது காய்ந்த சேற்றின் மேல் புத்தம் புதிய செருப்பு இருந்தால், வேலை செய்தவர் எண்ணிப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது. இருக்க வேண்டிய இடத்திலே இருக்கும் அழுக்கு துப்புரவே. அவ்விடத்தை விட்டு விலகியது மட்டுமே பிழை.

முதற் படத்திலே துணி பளபளக்கிறது. ஆயினும் நடுவர் அருகிலே பார்க்கிறார். நீண்ட அங்கியின் அடிப்பகுதியை உள்ளே மடித்து ஊசி குத்தியிருக்கிறார்கள். வலப்புறம் இடப்புறத்தை விட நாலு விரல் தாழ்ந்திருக்கிறது. இரண்டு ஊசிகளில் வெளிச்சம் பட்டு மின்னுகின்றது. முகம் அளவுக்கு மீறி மழுங்கியிருக்கிறது. தொலைபேசியின் அழகூட்டும் வசதி தோலின் மாசுகளோடு மீசையின் விளிம்பையும் சேர்த்து அழித்திருக்கிறது. மீசை துப்புரவாக வரையப்பட்டதா என்று இனி எவராலும் சொல்ல இயலாது. தெரியாததற்குப் புள்ளி வழங்குவதும் கூடாது, குறைப்பதும் கூடாது. மாற்றம் செய்யாத படத்தைக் கேட்டுப் பெறுவதே வழி.

இரண்டாவது படத்தில் வேட்டி வெளுத்துப் போயிருக்கிறது. எனினும் தார்பாய்ச்சிய மடிப்பு இறுக்கமாகவும் ஒழுங்காகவும் இருக்கிறது. தலைத்துணியின் நுனி உள்ளே செருகப்பட்டிருக்கிறது. குறைகளும் உள்ளன. கண்மையால் வரைந்த மீசையின் இடப்பக்கம் மேலேறி, வியர்வையால் சற்றே பரந்திருக்கிறது. பீரங்கியின் ஒரு சில்லை ஒட்டிய பழுப்பு நிறப் பட்டி, கரிய நிறம் பூசப்படாமல் வெளியே தெரிகிறது. இவை கவனக்குறைவுகளே. பிள்ளையின் வீட்டு நிலையை எண்ணி இவற்றைக் காணாதது போல் விட்டுவிடுவதும் நடுவருக்கு அழகன்று. இரக்கத்தாற் கூட்டிய புள்ளியும் பகட்டினாற் கூட்டிய புள்ளியைப் போன்றதே.

இனிப் புள்ளியிடுவோம். மொத்தம் இருபது என வைத்துக்கொண்டால், தெளிவுக்குப் பத்து, அளவுக்கு ஐந்து, துப்புரவுக்கு ஐந்து எனப் பிரிக்கலாம். வினோத உடை என்பதே ஒருவர் வேறொருவராகத் தோன்றும் கலையாதலால், தெளிவுக்குப் பாதி வழங்குவது பொருத்தம். முதற் படம்: அரசன் என்பது தெளிவு, இன்ன அரசன் என்பது தெளிவன்று, ஆகவே நான்கு. முடியும் அங்கியும் வாளும் உடலை மீறியதால் அளவுக்கு இரண்டு. துணியும் அணிகளும் நல்ல நிலையில் இருந்தும் விளிம்பு கோணியதால் துப்புரவுக்கு மூன்று. ஆக ஒன்பது. இரண்டாவது படம்: தெளிவுக்கு எட்டு. படத்தின் கோணலை நீக்கிப் பார்த்தபின் அளவுக்கு நான்கு. மீசையும் ஒட்டுப்பட்டியும் கெடுத்ததால் துப்புரவுக்கு மூன்று. ஆகப் பதினைந்து. பீரங்கியைச் சேர்க்கலாகாது என்பது விதியானால், இரண்டாவது பிள்ளையின் தெளிவுப் புள்ளி ஐந்தாகக் குறையும், மொத்தம் பன்னிரண்டாகும். அப்பொழுதும் முடிவு மாறவில்லை. ஆனால் இடைவெளி பாதியாகக் குறைந்துவிட்டது. விதி முன்கூட்டியே எழுதப்பட வேண்டியது ஏன் என்பதை இந்த மூன்று புள்ளிகளே சொல்லிவிடும்.

ஒரு நடுவர் மட்டும் இவ்வாறு புள்ளியிடுவது போதாது. இருவர் தனித்தனியே, ஒருவர் தாளை மற்றவர் பாராமல் இட்டு, பின்னர் ஒப்பிட வேண்டும். ஒரு தலைப்பிலே மூன்று புள்ளிக்கு மேல் வேறுபாடு காணப்பட்டால், கூட்டிச் சராசரி எடுப்பதற்கு முன், அவரவர் கண்டதென்ன என்று பேசிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒருவர் கண்ட பொருளை மற்றவர் கவனியாது விட்டிருப்பார். கயிற்றின் மறு முனையிலுள்ள கரிய குழாயைப் பீரங்கி என்று ஒருவர் காணாமற் போயிருந்தால், அங்கே வேறுபட்டது தீர்ப்பன்று; பார்வை.

முடிவு எழுதிய பின் நடுவர் இன்னும் ஒன்று செய்கிறார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பிள்ளைக்கு விளங்கும் ஒரு வாக்கியம் எழுதுகிறார். முதற் பிள்ளைக்கு: "மகனே, உன்னை அரசன் என்று உடனே அறிந்தேன், வன்னியின் தலைவன் என்று அறிய, அவர் செய்த ஏதாவதொன்றை உன் கையிலே காட்டு, முடியையும் பாதியாகக் குறைத்துக்கொள்." இரண்டாவது பிள்ளைக்கு: "உன்னைப் பெயர் பாராமலே அறிந்துகொண்டோம்; மீசையை வரையும்போது கண்ணாடி முன் நின்று இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்; சில்லின் பட்டிக்கும் கறுப்புப் பூசு."

தாளை நீக்கியபோது இரண்டு படங்களின் அடியிலும் அதே பெயர்தான் இருந்தது. முதற் பிள்ளைக்கு அந்தப் பெயரை எழுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது பிள்ளைக்கோ, கையிலிருந்த கயிறே சொல்லிவிட்டது.